மேலே எறிந்த பந்து: முடுக்கத்திலிருந்து உயரம் வரை, இரண்டு தொகையிடல்களில்

மாலை நேரத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். மேலே எறிந்த பந்துக் கணக்கில் தொகையிடத் தெரியாமல் கோட்டைவிட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. −9.8-ஐத் தொகையிட்டால் −9.8t வரும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. எந்த இடம் பூஜ்ஜியம், எந்தக் குறி, மாறிலியை எப்போது கண்டுபிடிப்பது என்ற இடங்களில்தான் சறுக்குகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் தொகையிடலைவிட வரிசைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்கொள்ளும் கணக்கு இது. கீழே வண்டி நிறுத்தும் தளம், அதற்கு மேல் ஐந்து மாடிகள். தளத்துக்கு 3 மீட்டர் என்று வைத்தால் மொட்டை மாடி தரையிலிருந்து 18 மீட்டரில் இருக்கும். அங்கே நிற்கும் ஒருவர் கைப்பிடிச் சுவருக்கு வெளியே கையை நீட்டி, ஒரு பந்தை நேராக மேலே 14.7 மீ/வி வேகத்தில் எறிகிறார். பந்து கையை விடும் இடம் மொட்டை மாடியிலிருந்து 1.6 மீட்டர் உயரம், அதாவது தரையிலிருந்து 19.6 மீட்டர். பந்து மேலே போய், திரும்பி வந்து, கட்டடத்தை உரசாமல் கீழே தரையில் விழுகிறது. எந்த நொடியிலும் அதன் திசைவேகம் என்ன, உயரம் என்ன என்று சொல்ல வேண்டும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கணிதத்தில் இரண்டே விதிகள் போதும். ஒரு மாறிலியை t-ஐப் பொறுத்துத் தொகையிட்டால் அந்த மாறிலி பெருக்கல் t. t-ஐத் தொகையிட்டால் t²/2. இரண்டிலும் கடைசியில் ஒரு தொகையிடல் மாறிலி ஒட்டிக்கொள்ளும்.

கணக்கிலிருந்து மூன்று எண்களைப் பிரித்து எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்: முடுக்கம், தொடக்கத் திசைவேகம், தொடக்க உயரம். மூன்றும் ஏன் வேண்டும்? முடுக்கம் மட்டும் தெரிந்தால் திசைவேகம் எப்படி மாறுகிறது என்றுதான் தெரியும், எதிலிருந்து மாறத் தொடங்கியது என்று தெரியாது. வட்டி விகிதம் தெரிந்தால் மட்டும் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று சொல்ல முடியாது, முதல் தெரிய வேண்டும். இங்கே இரண்டு முறை தொகையிடுகிறோம், ஆகவே இரண்டு ‘முதல்’ தேவை.

## 2. அச்சை வரைந்து, கடிகாரம் ஓடத் தொடங்கும் கணத்தைக் குறியுங்கள்

தாளின் ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். அடியில் 0 என்று எழுதி ‘தரை’ என்று குறியுங்கள். மேல்நோக்கி ஓர் அம்புக்குறி வரைந்து ‘+’ போடுங்கள். 19.6 இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து ‘கை’ என்று எழுதுங்கள். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் என்னிடம் வரும் தவறான விடைகளில் பெரும்பாலானவை இந்தக் கோட்டை வரையாத தாள்களில்தான் இருக்கும்.

கீழ்நோக்கி ‘+’ என்று வைத்தாலும் தவறில்லை, விடை வரும். பாதியில் மாற்றக் கூடாது, அவ்வளவுதான். மேலே போகும்போது மேல்நோக்கி ‘+’, கீழே வரும்போது கீழ்நோக்கி ‘+’ என்று மாற்றினால் இரண்டு வேறு கணக்குகளை ஒரே விடையில் ஒட்டியது போலாகிவிடும்.

t = 0 என்பது பந்து விரல்களை விட்டுப் பிரியும் கணம். கை வீசத் தொடங்கும் கணம் அல்ல. வீசும்போது கையும் பந்தைத் தள்ளுகிறது, அந்த நேரத்தில் முடுக்கம் −9.8 இல்லை. பந்து தனியாகப் பறக்கும் நேரத்துக்கு மட்டுமே நம் சமன்பாடு செல்லும். தரையைத் தொட்ட கணத்தில் அதன் ஆயுள் முடிந்தது.

## 3. முடுக்கத்தைக் குறியோடு எழுதுங்கள்

```
a = -9.8   (மீ/வி²)
```

புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, நாம் மேலே ‘+’ வைத்தோம், எனவே ‘−’. இந்த ஒரு வரி பயணம் முழுவதற்கும் பொருந்தும். ஏறும்போதும் −9.8, இறங்கும்போதும் −9.8, உச்சியில் ஒரு கணம் நிற்பதுபோலத் தெரியும்போதும் −9.8.

இங்கே ஒரு மாணவன் என்னிடம் கேட்டது: “சார், கீழே வரும்போது வேகம் கூடுதே, அப்புறம் எப்படி மைனஸ்?” நல்ல கேள்விதான். கூடுவது வேகத்தின் அளவு. திசைவேகமோ −4.9, −14.7, −24.5 என்று போய்க்கொண்டிருக்கிறது, அதாவது எண்கோட்டில் இடப்பக்கமாக நகர்கிறது. ஏறும்போது 14.7-லிருந்து 4.9-க்கு வந்ததும் அதே இடப்பக்க நகர்வுதான். ஒவ்வொரு நொடியும் 9.8 கழிகிறது. பந்து எந்தப் பக்கம் போகிறது என்பது அந்தக் கழித்தலுக்குத் தெரியாது.

உச்சியில் a = 0 என்று எழுதுபவர்களும் உண்டு. அங்கே முடுக்கமும் பூஜ்ஜியமாகிவிட்டால் பந்து அந்தரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும், கீழே இறங்க ஒரு காரணமும் இருக்காது.

## 4. முதல் தொகையிடல், உடனே முதல் மாறிலி

முடுக்கம் என்பது திசைவேகத்தின் வகைக்கெழு. அதனால் முடுக்கத்தைத் தொகையிட்டால் திசைவேகம் கிடைக்கும்.

```
dv/dt = -9.8
v(t) = -9.8t + C1
```

இங்கேயே நின்று C1-ஐக் கண்டுபிடித்துவிடுங்கள். t = 0 போட்டால் −9.8t மறைந்து v(0) = C1 என்றாகிறது. தொடக்கத் திசைவேகம் 14.7. மேலே எறிந்ததால் ‘+’.

```
v(t) = 14.7 - 9.8t
```

ஏன் உடனே? மாறிலியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த தொகையிடலுக்குப் போகிறவர்கள் அங்கே வரும் மாறிலிக்கும் C என்றே பெயர் வைத்துவிடுகிறார்கள். தாளில் இப்படி வரும்:

```
h(t) = -4.9t² + Ct + C
```

இப்போது உயரத்தைப் போட்டால் C = 19.6. திசைவேகத்தைப் போட்டால் C = 14.7. ஒரே எழுத்துக்கு இரண்டு மதிப்பு. எதை விடுவது என்று தெரியாமல், கடைசியாக வந்ததை இரண்டு இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். C1 என்பது ஒரு திசைவேகம், அலகு மீ/வி. அடுத்து வரப்போவது ஓர் உயரம், அலகு மீ. இரண்டும் வேறு பொருள்கள், பெயரும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

மாறிலியையே மறந்துவிட்டால் v = −9.8t என்று நிற்கும். அதுவும் ஒரு பந்துக்கான சமன்பாடுதான், ஆனால் எறியாமல் கையை விரித்துக் கீழே விட்ட பந்துக்கானது. t = 0 போட்டுப் பார்த்து 0 வந்தால் இந்தத் தவறு தெரிந்துவிடும்.

## 5. இரண்டாம் தொகையிடல், இரண்டாம் மாறிலி

திசைவேகம் உயரத்தின் வகைக்கெழு. அதையும் தொகையிடுகிறோம்.

```
dh/dt = 14.7 - 9.8t
h(t) = 14.7t - 4.9t² + C2
```

14.7 ஒரு மாறிலி, ஆகவே 14.7t. அதை ஏதோ மாறி என்று நினைத்து 14.7²/2 என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். வெறுமனே 14.7 என்று விட்டவர்களும் உண்டு. இரண்டையும் அலகு காட்டிக்கொடுக்கும். இடப்பக்கம் மீட்டர், ஆகவே வலப்பக்கம் ஒவ்வோர் உறுப்பும் மீட்டராக இருக்க வேண்டும். மீ/வி-யை நொடியால் பெருக்கினால் மீட்டர். பெருக்காமல் விட்டால் அது இன்னும் திசைவேகம்தான்.

t = 0 போட்டால் h(0) = C2. பந்து புறப்பட்ட உயரம் 19.6.

```
h(t) = 19.6 + 14.7t - 4.9t²
```

C2-ஐக் கைப்பழக்கத்தில் 0 என்று போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. காரணம் எனக்குத் தெரிந்தவரை s = ut + ½at² என்ற மனப்பாடம். அந்தச் சூத்திரத்தில் s என்பது உயரம் இல்லை, புறப்பட்ட இடத்திலிருந்து ஏற்பட்ட இடப்பெயர்ச்சி. நாம் தரையைப் பூஜ்ஜியமாக வைத்ததால் 19.6 தேவைப்படுகிறது. கையைப் பூஜ்ஜியமாக வைத்திருந்தால் C2 = 0 சரிதான், ஆனால் அப்போது தரை −19.6-இல் இருக்கும். கடைசியில் h = 0 என்று போட்டுத் தரையைத் தேடினால் பந்து கையருகே வரும் நேரம்தான் கிடைக்கும். படம் வரையச் சொன்னது இதற்காகவும்தான்.

## 6. கேள்விக்குப் போகும் முன் பின்னோக்கி ஒரு நடை

h(t)-ஐ வகையிடுங்கள்: 14.7 − 9.8t வருகிறதா? அதை மறுபடி வகையிடுங்கள்: −9.8 வருகிறதா? வந்தால் தொகையிடல் சரி. ஆனால் இது மாறிலிகளைச் சோதிக்காது. C2-க்கு 500 என்று போட்டிருந்தாலும் வகையிடும்போது அது மறைந்துவிடும். அதனால் t = 0-ஐத் தனியாகப் போட்டு v = 14.7, h = 19.6 என்பதையும் பாருங்கள். இரண்டு சோதனையும் சேர்ந்தால்தான் முழுச் சோதனை.

## 7. இப்போது கேள்விகள்

உச்சி எப்போது? உச்சியில் திசைவேகம் பூஜ்ஜியம். v(t) = 0 என்றால் t = 14.7/9.8 = 1.5 நொடி. இதை h-இல் போடுங்கள்: 19.6 + 22.05 − 11.025 = 30.625 மீட்டர். கைக்கு மேலே 11.025 மீட்டர், தரைக்கு மேலே 30.625. கேள்வி எதைக் கேட்கிறது என்று ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள்.

தரையில் எப்போது? தரையில் உயரம் பூஜ்ஜியம், திசைவேகம் பூஜ்ஜியம் இல்லை. ‘விழுந்ததும் நின்றுவிடும்தானே’ என்று v = 0 போடுபவர்களுக்குக் கிடைப்பது மறுபடியும் உச்சியின் நேரம். பந்தை நிறுத்துவது தரையின் தள்ளுவிசை. அது நம் சமன்பாட்டில் இல்லை.

```
19.6 + 14.7t - 4.9t² = 0
t² - 3t - 4 = 0
(t - 4)(t + 1) = 0
```

−4.9 ஆல் வகுத்ததால் இருபடிச் சமன்பாடு எளிதாகிவிட்டது. t = 4 நொடி. அப்போது v = 14.7 − 39.2 = −24.5 மீ/வி. ‘எந்த வேகத்தில் மோதும்’ என்று கேட்டால் 24.5, ‘திசைவேகம் என்ன’ என்று கேட்டால் −24.5.

பந்தின் முழுப் பயணத்தையும் ஒருமுறை எண்களாகப் பார்ப்பது நல்லது:

```
t      v        h
0     14.7    19.6
1      4.9    29.4
1.5    0      30.625
2     -4.9    29.4
3    -14.7    19.6
4    -24.5     0
```

1-ஆம் நொடியும் 2-ஆம் நொடியும் ஒரே உயரம், வேகத்தின் அளவும் ஒன்று, குறி மட்டும் எதிர். 3-ஆம் நொடியில் பந்து கையின் மட்டத்துக்குத் திரும்பி வந்து எறிந்த அதே வேகத்தில் கீழே கடக்கிறது. உங்கள் எண்களில் இந்தச் சமச்சீர் இல்லையென்றால் எங்கோ ஒரு குறி புரண்டிருக்கிறது.

பந்து கடந்த மொத்தத் தூரம் கேட்டால் மட்டும் எச்சரிக்கை. v-ஐ 0 முதல் 4 வரை தொகையிட்டால் −19.6 வரும். அது இடப்பெயர்ச்சி. தூரம் வேண்டுமென்றால் உச்சியில் பிரித்து 11.025 + 30.625 = 41.65 மீட்டர் என்று கூட்ட வேண்டும்.

## 8. தூக்கிப்போட்ட அந்த −1 எங்கே போனது?

இருபடிச் சமன்பாடு t = −1 என்றும் ஒரு விடை கொடுத்தது. ‘நேரம் எதிர்மறையாக இருக்காது’ என்று எழுதி அடித்துவிடுவது வழக்கம். அடிப்பது சரி, காரணம் சரியில்லை. நேற்று என்பதும் எதிர்மறை நேரம்தான்.

t = −1 போட்டால் v = 14.7 + 9.8 = 24.5. அதாவது ஒருவர் ஒரு நொடிக்கு முன்பே தரையிலிருந்து 24.5 மீ/வி வேகத்தில் ஒரு பந்தை மேலே எறிந்திருந்தால், t = 0-இல் அது 19.6 மீட்டரில் 14.7 மீ/வி வேகத்தோடு நம் ஆளின் கையைக் கடந்து போயிருக்கும். அதற்குப் பிறகு இரண்டு பந்துகளின் பயணமும் ஒன்றே. சமன்பாட்டுக்குக் கை தெரியாது, மொட்டை மாடி தெரியாது. அதைப் பொறுத்தவரை அந்த வளைவரை தரையை இரண்டு இடத்தில் வெட்டுகிறது. நம் பந்து t = 0-க்குப் பிறகுதான் பறக்கத் தொடங்கியது என்பதாலேயே −1-ஐ விடுகிறோம்.

## 9. தொடக்கத் திசைவேகம் தெரியாதபோது

நிஜத்தில் எறிந்த வேகத்தை யார் அளப்பார்கள்? கையில் நிறுத்துகடிகாரம்தான் இருக்கும். ‘19.6 மீட்டர் உயரத்திலிருந்து மேலே எறிந்த பந்து 4 நொடியில் தரையைத் தொட்டது’ என்று மட்டும் கொடுத்தால் நான்காம் படியின் ‘உடனே கண்டுபிடி’ என்ற விதியைப் பின்பற்ற முடியாது. C1-ஐச் சுமந்துகொண்டே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

```
h(t) = -4.9t² + C1·t + C2
h(0) = 19.6  →  C2 = 19.6
h(4) = 0     →  -78.4 + 4·C1 + 19.6 = 0  →  C1 = 14.7
```

வேகத்தையே அளக்காமல் வேகம் கிடைத்துவிட்டது. இரண்டு மாறிலிக்கு இரண்டு செய்தி தேவை, அவை இரண்டும் t = 0-இல்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆனால் ஏதோ இரண்டு செய்தி இருந்தால் மட்டும் போதாது. ‘14.7 மீ/வி-இல் எறிந்தார், 1.5 நொடியில் உச்சியை அடைந்தது’ என்று கொடுத்துவிட்டு உயரம் கேட்டால் என்ன செய்வீர்கள்? பார்க்க இரண்டு செய்திபோல இருக்கிறது. ஆனால் v(0) = 14.7 என்பதும் v(1.5) = 0 என்பதும் C1 = 14.7 என்ற ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. C2-ஐப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தரையில் நின்று எறிந்தாலும் மொட்டை மாடியில் நின்று எறிந்தாலும் இந்த இரண்டும் அப்படியே பொருந்தும். குறைந்தது ஒரு செய்தியாவது உயரத்தைப் பற்றியதாக இருந்தே ஆக வேண்டும்.

## 10. கணக்கும் பந்தும் எங்கே பிரிகின்றன

மேலே போட்டதெல்லாம் முடுக்கம் மாறவே இல்லை என்ற நிபந்தனையில் நிற்கிறது. 30 மீட்டர் உயரத்துக்கெல்லாம் புவியீர்ப்பு குறைந்துவிடாது, அதை மறந்துவிடலாம். 9.8 என்பதும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்: நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 9.78, துருவத்தில் 9.83. இதுவும் நம் கணக்கைத் தொடாது. தொடுவது காற்று.

160 கிராம் எடையுள்ள கிரிக்கெட் பந்தை 14.7 மீ/வி-இல் எறிந்தால், கையை விடும் கணத்தில் காற்றுத் தடை அதன் எடையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. அதனால் கைக்கு மேல் 11 மீட்டர் என்று நாம் கணக்கிட்ட உச்சிக்கு முக்கால் மீட்டர் அளவுக்கு முன்பே அது நின்றுவிடும். தரையை நெருங்கும்போது தடை எடையில் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிடும். டென்னிஸ் பந்து இன்னும் மோசம். எடை 58 கிராம்தான், மேலே ரோமம் வேறு. எவ்வளவு உயரத்திலிருந்து விட்டாலும் அது நம் விடையான 24.5 மீ/வி-ஐ எட்டுவது சந்தேகமே, அதற்கு முன்பே தடையும் எடையும் சமமாகி வேகம் கூடுவது நின்றுவிடும்.

கைப்பேசியில் காணொளி எடுத்து நேரத்தைப் பார்த்தால் இது தெரியும். கையின் மட்டத்திலிருந்து உச்சிக்குப் போன நேரமும், உச்சியிலிருந்து அதே மட்டத்துக்கு வந்த நேரமும் நம் கணக்கில் சமம், தலா 1.5 நொடி. காற்றில் ஏறும் நேரம் குறைவு, இறங்கும் நேரம் அதிகம். இந்த வித்தியாசம் கண்ணில் பட்டால் a = −9.8 என்ற வரியை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அப்போது தடை v²-ஐப் பொறுத்திருக்கும். முடுக்கத்துக்குள்ளேயே v வந்து உட்கார்ந்துவிடும், அதனால் நேரடியாக t-ஐப் பொறுத்துத் தொகையிட முடியாது. தடை எப்போதும் போகும் திசைக்கு எதிராகவே இருப்பதால், k என்ற ஒரு மாறிலியை வைத்து, ஏறும்போது −9.8 − kv² என்றும், இறங்கும்போது −9.8 + kv² என்றும் இரண்டு வரியாகப் பிரித்து எழுத வேண்டும். கீழே வரும்போது எப்படி மைனஸ் என்று கேட்ட அந்த மாணவன் முடுக்கம் மாறாதா என்றும் கேட்டால், காற்றுள்ள கணக்கில் அதன் அளவு ‘மாறும்’ என்பதுதான் விடை. குறி மட்டும் அப்போதும் ‘−’ தான்.